ஒரே வாடிக்கையாளர், இரண்டு செல் நம்பர்: எது நிற்கும்?

தண்டையார்பேட்டையில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறோம். பில்லிங், டெலிவரி ஆப், தவணைக் கணக்கு என மூன்று சிஸ்டம். மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரே இறுதிப் பதிவு கட்டுகிறோம்; ஒருவருடைய பதிவை மாதிரிக்கு அனுப்பியிருக்கிறோம். கடைசியாக மாறியதை எடு என்று விதி வைத்தும் பழைய செல் நம்பர்தான் வருகிறது. ஏன்?

தவணை சிஸ்டத்தின் `updated_at` தேதியைப் பாருங்கள். ராத்திரி வட்டிக் கணக்கு ஓடும்போது ஒவ்வொரு வாடிக்கையாளர் பதிவிலும் புதுத் தேதி விழுந்திருக்கும். நம்பர் மாறியிருக்காது.

நீங்கள் அனுப்பிய பதிவிலேயே இது தெரிகிறது. பில்லிங்கில் இருப்பது 2019-ல் கவுன்டரில் கேட்டு அடித்த நம்பர். தவணையிலும் அதேதான், தேதி மட்டும் நேற்றையது. டெலிவரி ஆப்பில் 2024 மார்ச்சில் ஓடிபி மூலம் உறுதியான வேறு நம்பர் இருக்கிறது. தேதியை மட்டும் பார்த்தால் 2019 நம்பர்தான் ஜெயிக்கும்.

அதனால் பதிவின் தேதியை விட்டுவிட்டு, நம்பர் மாறிய தேதியை வையுங்கள். நேற்றைய நகலோடு ஒப்பிட்டு, மதிப்பு மாறாவிட்டால் பழைய தேதியே தொடரட்டும். அதற்கும் மேலே, ஓடிபியில் உறுதியானதுக்கு முதலிடம். ஆனால் அதுவும் நிரந்தரம் இல்லை. உறுதிசெய்து ரொம்ப நாளானால் முதலிடம் போய்விட வேண்டும். எத்தனை மாதம் என்பதை டெலிவரி ஆட்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு சிஸ்டத்தில் ஒரே நம்பர் இருக்கிறதே, மெஜாரிட்டி பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தவணைக்கு அந்த நம்பர் பில்லிங்கிலிருந்துதானே போனது? அது இரண்டு சாட்சி ஆகாது.

எந்த சிஸ்டம் எத்தனை பேருக்கு ஜெயித்தது என்று தினமும் எண்ணிப் பாருங்கள். ஒரே ராத்திரியில் ஒன்று மட்டும் எகிறினால், அங்கே ஏதோ மொத்தமாக ஓடியிருக்கிறது.

ராயபுரம் தெருவுக்கு 600081 என்று பின்கோடு வருகிறது.

தெருவை ஓரிடத்திலும் பின்கோடை வேறிடத்திலும் எடுக்கிறீர்கள். ராயபுரம் 600013, 600081 தண்டையார்பேட்டை. கதவு எண் முதல் பின்கோடு வரை முகவரி முழுவதும் ஒரே சிஸ்டத்திலிருந்து வர வேண்டும்.

முதலிடத்தில் உள்ள சிஸ்டத்தில் நம்பரே இல்லாவிட்டால்?

அடுத்ததற்குப் போங்கள். 9999999999 மாதிரி ஒப்புக்கு அடித்தவற்றையும் காலியாகவே கருதி, போட்டிக்கு முன்பே கழித்துவிடுங்கள். அப்புறம் ஒரு விதிவிலக்கு: வாடிக்கையாளரே நீக்கச் சொன்ன நம்பருக்குத் தனி அடையாளம் வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு சிஸ்டத்திலிருந்து அதே நம்பர் திரும்ப வந்துவிடும்.

கையால் திருத்தினாலும் காலையில் பழையபடி ஆகிவிடுகிறது.

இறுதிப் பதிவில் திருத்தினால் அப்படித்தான். அடுத்த ஓட்டம் அதைப் புதிதாகக் கட்டிவிடும். கைத்திருத்தத்தை நான்காவது சிஸ்டமாக வைத்து, யார், எப்போது திருத்தினார் என்பதோடு சேமித்து, வரிசையில் மேலே போடுங்கள். பில்லிங்கில் இருக்கும் தவறையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அடுத்த பில் அங்கிருந்துதான் போகும்.