இரண்டு வருட கோடிங் வகுப்புக்கு இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. ஒரு கோடிங் வகுப்பு விளம்பரத்தில் 6–8 வயதுக்கு ஸ்கிராட்ச்சில் கேம், 9–11 வயதுக்கு மொபைல் ஆப், 12–14 வயதுக்கு பைத்தான் என்று போட்டிருந்தார்கள். இலவச டெமோ வகுப்பிலேயே ஸ்கோர் ஏறுகிற ஒரு கேம் செய்துவிட்டாள். 2 வருடத்துக்கு 96 வகுப்புகள். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. 12 மாத வட்டியில்லா ஈஎம்ஐ உண்டு. மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. சேர்த்துவிடலாமா?

பதில்: 96 வகுப்புக்கு இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள். ஈஎம்ஐயைப் பிறகு பார்ப்போம். முதல் சிக்கல் அந்த விளம்பரம் பிரித்திருக்கும் வயதில் இருக்கிறது.

ஸ்கிராட்ச் என்பது கட்டளை எழுதிய பிளாக்குகளை இழுத்துப் பொருத்திக் கோடிங் செய்யும் மென்பொருள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007-ல் வெளியிட்டது. 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகச் செய்தது. 5 முதல் 7 வயதுக்கென்றே ஸ்கிராட்ச் ஜூனியர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டுமே இலவசம். வித்தியாசம் சின்னதில்லை. ஸ்கிராட்ச்சில் திரையின் நடுப்புள்ளிதான் பூஜ்யம். திறந்ததும் திரையில் நிற்கும் பூனையை இடது ஓரத்துக்கு அனுப்ப, இட வலத்தைக் குறிக்கும் x-க்கு -240 என்று கொடுக்க வேண்டும். மைனஸ் எண்ணே படிக்காத பிள்ளைக்கு அது வெறும் மந்திரம். ஸ்கோர் வைக்க வேரியபிள், அதாவது மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைப் பெயர் கொடுத்து வைத்துக்கொள்ளும் இடம் வேண்டும். ஜூனியரில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. மைனஸ் இல்லாத கட்டம், வேரியபிளே இல்லை. அதனால் ஸ்கோர் ஏறும் கேமும் அதில் வராது. பாத்திரங்கள் நடந்து, பேசி, பக்கம் மாறும் கதைதான் வரும். 7 வயதுக்கு அதுவே சரியான வேலை.

அப்படியானால் டெமோவில் ஸ்கோர் ஏறியது எப்படி? பெரும்பாலும் பாதிக்கு மேல் முடித்த புராஜெக்டைத் திறந்து கொடுத்து, நாலைந்து பிளாக்கை மட்டும் பிள்ளையை இழுத்துப் போடச் சொல்வார்கள். அது தப்பில்லை, கற்றுக்கொடுக்க நல்ல வழிதான். ஆனால் அதை வைத்து 2 வருடத்துக்குப் பணம் கட்ட முடியாது. வீட்டில் அந்த கேமின் பக்கத்தில் "See inside" பொத்தானை அழுத்துங்கள். ஆப்பிளைப் பிடித்தால் ஸ்கோர் 1 கூடுகிறது என்றால், அதை 2 ஆக்கச் சொல்லுங்கள். பிறகு காலிப் பக்கத்தில் பூனையை மட்டும் நடக்க வைக்கச் சொல்லுங்கள். முதலாவது வந்து இரண்டாவது வரவில்லை என்றால், அவள் செய்தது டீச்சரின் கேம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போது 7 என்றால் 96 வகுப்பு முடியும்போது 9. விளம்பரத்தில் பளபளக்கும் ஆப், பைத்தான் எல்லாம் அதற்கப்புறம். நீங்கள் கட்டப்போவது கிட்டத்தட்ட முழுக்க ஸ்கிராட்ச்சுக்கு. கருவி இலவசம் என்பதால், பணம் போவது ஆசிரியரின் நேரத்துக்கு மட்டுமே. ஆகவே ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கடைசிவரை அதே ஆசிரியர்தானா என்று கேளுங்கள்.

இப்போது ஈஎம்ஐ. மொத்தக் கட்டணத்தை 100 என்று வையுங்கள். இன்றே கட்டினால் 90 போதும். தவணையில் போனால் மாதாமாதம் சுமார் 8.33 வீதம் 100 கட்டுகிறீர்கள். ஆக 90-ஐக் கடன் வாங்கி 12 மாதத்தில் 100 ஆகத் திருப்புகிறீர்கள். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீத வட்டி. 'வட்டியில்லா' என்பது விளம்பர மொழி. இதைவிட முக்கியம், இந்தக் கடனைக் கொடுப்பது பெரும்பாலும் வேறொரு நிதி நிறுவனம். பிள்ளை நாலாம் மாதம் நின்றாலும், வகுப்பு நடத்துகிறவர் பணத்தைத் திருப்பி அந்தக் கடனை அடைக்கும்வரை தவணை உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

ரீஃபண்ட் விதியில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: முடித்த வகுப்புகளை என்ன விலைக்குக் கழிப்பார்கள்? 96 வகுப்பு பேக்கேஜில் ஒரு வகுப்பின் விலை 1 பங்கு, தனி வகுப்பின் விலை 2 பங்கு என்று வைப்போம். 24 வகுப்போடு நின்றால் 72 பங்கு திரும்பும் என்று நினைப்பீர்கள். தனி வகுப்பு விலையில் கழித்தால் 48 போய், பாதிதான் கைக்கு வரும்.

நான் சொல்வது: இரண்டு மாதம் வீட்டில் டேப்லெட்டில் ஸ்கிராட்ச் ஜூனியர் செய்யட்டும். நீங்கள் சொல்லாமலே அவளாகக் கதையை நீட்டிக்கொண்டு போனால், 8 வயதானதும் 12 அல்லது 16 வகுப்புள்ள சின்ன பேக்கேஜுக்கு, கையிலிருக்கும் பணத்தில் சேருங்கள். ஒரு வகுப்புக்கான விலை அதில் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், பரவாயில்லை. 'இன்று மட்டும் இந்த விலை' என்று போன் வந்தால், ரீஃபண்ட் விதியை எழுத்தில் மெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டு வையுங்கள்.