ஒற்றுப்பிழை எல்லாம் திருத்தியும் ஏன் கூப்பிடவில்லை?

கேள்வி: தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு சென்னையில் சப் எடிட்டர் வேலை தேடுகிறேன். ஒரு பத்திரிகை நேர்காணலில், கையில் வந்த செய்திக்குறிப்பு ஒன்றைக் கொடுத்து 20 நிமிடத்தில் எடிட் செய்யச் சொன்னார்கள். சந்திப்பிழை ஒன்றுகூட விடாமல் திருத்தினேன். ஸ்டோரி ஐடியாவும் மூன்று கொடுத்தேன். பிறகு அழைப்பே இல்லை. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, வேளச்சேரி

பதில்: எடிட்டிங் டெஸ்ட்டுக்குத் தரும் காப்பியில் எழுத்துப்பிழைகள் மேலாக மிதக்கும். அவை கண்ணில் பட வேண்டும் என்றே விடப்பட்டவை. தேர்வு வைப்பவர் அதற்குக் கீழே வேறு சிலவற்றைப் புதைத்திருப்பார். அவர் மதிப்பெண் போடுவது அதற்குத்தான்.

ஒரு மாதிரி எழுதிப் பார்ப்போம். 'சென்னை மாநகராட்சி 203-வது வார்டில் 2024 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம் நடத்தப்பட்டது. 240 பேர் பங்கேற்று பயனடைந்தனர். இதில் பெண்கள் 135 பேர், ஆண்கள் 115 பேர். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கடந்த முகாமில் 10 சதவீதம், இம்முறை 15 சதவீதம். எனவே வார்டில் சர்க்கரை நோய் 5 சதவீதம் அதிகரித்துள்ளது.'

இதைக் கையில் வாங்கியதும் நீங்கள் 'பங்கேற்றுப் பயனடைந்தனர்' என்று ப் போட்டிருப்பீர்கள். சரிதான். ஆனால் 'பயனடைந்தனர்' என்ற சொல்லே அங்கே இருக்கக் கூடாது. அது முகாம் நடத்தியவரின் வார்த்தை. வந்தார்கள் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

இனி எண்கள். சென்னை மாநகராட்சியில் இருப்பதே 200 வார்டுகள். 2024 ஆகஸ்ட் 15 வியாழக்கிழமை. 135-உம் 115-உம் சேர்ந்தால் 250. இந்த மூன்றையும் கண்டுபிடிப்பது பாதி வேலை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 203-ஐ 200 என்று நீங்களே மாற்றினால், தப்பான தகவலின் இடத்தில் கற்பனைத் தகவலை வைத்ததாக ஆகும். கிழமை தப்பா, தேதி தப்பா என்பதும் மேஜையில் உட்கார்ந்தபடி சொல்ல முடியாது. ஓரத்தில் கொயரி எழுதுங்கள்: 'வார்டு எண்? நிருபரிடம் கேட்கவும்.' 'மொத்தம் 240-ஆ, 250-ஆ?' விடை வராவிட்டால் வார்டு எண், தேதி, கிழமை, ஆள் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் செய்தி நிற்கும். டெஸ்க்கில் நடப்பதும் இதுதான்.

கடைசி வாக்கியம்தான் பெரிய குழி. 10-லிருந்து 15-க்குப் போனால் அது 5 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதமாகச் சொன்னால் 50 சதவீத உயர்வு. கணக்கைச் சரிசெய்து 'வார்டில் சர்க்கரை நோய் 50 சதவீதம் அதிகரிப்பு' என்று தலைப்பு வைத்தீர்களானால் இன்னும் மோசம். முகாமுக்கு வந்தவர்கள் வேறு, வார்டு மக்கள் வேறு. உடம்பில் சந்தேகம் உள்ளவர்தான் முகாமுக்கு அதிகம் வருவார். ஆகவே முதல் வரி இப்படிப் போதும்: 'இலவச மருத்துவ முகாமில் சோதிக்கப்பட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. முந்தைய முகாமில் இது 10 சதவீதம்.' எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று இன்னொரு கொயரி. யார் தலைமை தாங்கினார், யார் முன்னிலை வகித்தார் என்பதற்கெல்லாம் கருணை வேண்டாம், வெட்டுங்கள்.

20 நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் பேனாவைத் தொடாமல் முழுதாகப் படியுங்கள். பிறகு எண், தேதி, பெயர். முதல் பத்தியில் ஒரு இனிஷியல், கடைசிப் பத்தியில் வேறு இனிஷியல் என்பது பழைய தந்திரம், இன்னும் பலிக்கிறது. அடுத்து முதல் வரி, நீளம். சந்தி கடைசியில். உங்களுக்கு அது தூக்கத்திலும் வரும், பயம் வேண்டாம்.

ஸ்டோரி ஐடியாவை நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஊகிக்கிறேன்: 'கிளாம்பாக்கம் பேருந்து நிலையம்' என்ற மாதிரி எழுதியிருப்பீர்கள். அது இடத்தின் பெயர். '2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு, தென்மாவட்டப் பேருந்துகளை நம்பிக் கோயம்பேட்டில் சுமை தூக்கியவர்கள் இப்போது எங்கே?' என்பது ஸ்டோரி. அதன் கீழே யாரைப் பார்ப்பீர்கள், எந்த ஆவணம் கேட்பீர்கள், எத்தனை நாள் ஆகும் என்று மூன்று வரி வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவேன் என்று சொல்வதானால், பதில் தர அதிகாரிக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். 'ஒரு வாரத்தில் முடிப்பேன்' என்று பக்கத்திலேயே எழுதினால் சிரிப்பார்கள்.

ஓ.எம்.ஆர். பக்கம் கன்டென்ட் ரைட்டிங் வேலைக்கும் போடுவீர்கள் என்றால், அங்கே டெஸ்ட் வேறு. சொன்ன வார்த்தை எண்ணிக்கையும் அந்த நிறுவனத்தின் நடையும்தான் பார்ப்பார்கள். முழுக் கட்டுரைகளாக நான்கைந்து எழுதித் தரச் சொன்னால், இதைப் பயன்படுத்துவீர்களா, பணம் உண்டா என்று எழுதும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எடிட் செய்த தாளை வைத்துக்கொண்டு 'இதை ஏன் எடுத்தீர்கள்?' என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். 'வாசிக்க நன்றாக இல்லை சார்' என்பது அங்கே எடுபடாது. 'இதற்கு ஆதாரம் காப்பியில் இல்லை' என்று சொல்லிப் பாருங்கள்.