வழவழப்பான எண்கள்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்துபவள் நான். அண்மையில் வந்த ஓர் ஆய்வேட்டில் 200 பேரிடம் நேரில் கேட்டு எடுத்ததாகச் சொல்லப்படும் கருத்தாய்வின் தரவு மிக வழவழப்பாக இருக்கிறது. ஒரு விடைகூட விடுபடவில்லை. இதை இயந்திரம் எழுதியது என்று சொல்லிவிடலாமா?

கல்லூரி ஆசிரியை ஒருவர்

மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு,

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 2023-இல் இத்தாலியக் கண் மருத்துவர்கள் சிலர், ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்று காட்டவே, நூற்றுக்கணக்கான நோயாளிகள் கொண்ட ஒரு பொய்த் தரவை அதைக்கொண்டு உருவாக்கினார்கள். கருவிழி கூம்பிப்போகும் நோய்க்கான இரண்டு அறுவை சிகிச்சைகளில் ஒன்றே மேலானது என்று, உண்மை ஆய்வுகள் காட்டாத ஒரு முடிவை அந்தத் தரவு காட்டியது. மேலோட்டமாகப் பார்த்தால் குறையில்லை. நேச்சர் இதழ் கேட்டுக்கொண்டதால் மான்செஸ்டரைச் சேர்ந்த புள்ளியியலாளர்கள் சோதித்தபோதுதான், பலருடைய பெயரும் பாலினமும் பொருந்தவில்லை என்பதும், அறுவைக்கு முந்தைய பார்வை அளவுக்கும் பிந்தைய அளவுக்கும் தொடர்பே இல்லை என்பதும், வயதுகளில் 7, 8 என்று முடிபவை அளவுக்கு மீறி இருந்தன என்பதும் தெரியவந்தன.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது தரவு அட்டவணையில் ஒரு நிரலின் வழவழப்பை அல்ல, நிரல்களுக்கு இடையே இருக்க வேண்டிய உறவை. கேட்ட சராசரியைச் சுற்றி ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே நிரப்பினால், ஒரே ஆளின் விடைகள் ஒன்றையொன்று அறியாதவையாகிவிடும். உங்கள் மாணவர் ஒரே மனப்பான்மையை அளக்கப் பத்துக் கேள்விகள் கேட்டிருந்தால், எதிர்மறைக் கேள்விகளின் மதிப்பெண்களைத் திருப்பிப்போட்டு, விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் குரோன்பாக் ஆல்பாவை நீங்களே கணக்கிடுங்கள். ஏட்டில் 0.8 என்று எழுதியிருக்க, தரவிலிருந்து வருவது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், அந்த விடைகள் மனிதர்கள் சொன்னவையாக இருப்பது அரிது. அடுத்து வயதின் கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். நம் ஊரில் வாய்மொழியாக வயது கேட்டால் பலர் 35, 40 என்று முழுமையாக்கிச் சொல்வார்கள். 0, 5 இரண்டும் புடைத்து நிற்கும். பத்து இலக்கங்களும் ஏறக்குறைய இருபது இருபதாக வந்திருந்தால், அது நேரில் கேட்ட வயதுபோல் இல்லை. பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது.

இவை புனைவைக் காட்டுமே தவிர, புனைந்தவரைக் காட்டா. ஒருபாலினத் திருமணம் குறித்த கருத்து மாற்றம் பற்றி 2014-இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை, இரண்டாம் முறை கேட்டபோதும் அதே ஆட்கள் ஏறக்குறைய அதே விடைகளையே சொன்னதாகக் காட்டிய இயல்புக்கு மீறிய ஒற்றுமையால் சந்தேகத்துக்கு உள்ளாகி, மறு ஆண்டே விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்றைய இயந்திரங்கள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை அது. தவிர, நிரல்களுக்கிடையே உறவு வேண்டும் என்று தெரிந்து கேட்பவருக்கு இயந்திரம் அதையும் சேர்த்தே தந்துவிடும்.

எனவே நிரப்பப்பட்ட மூலப் படிவங்களைக் கேளுங்கள். அவை கையில் வரும்வரை மாணவரிடம் இயந்திரம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.