தகுதிப் பட்டியலில் ஒரே ரேங்க் இருவருக்கு: தட்டச்சில் எப்படிக் காப்பது?

ஸ்கேன் செய்த பட்டியலை எக்செலுக்கு மாற்றுகிறேன். 41, 42, 42, 44 என்று இருக்கிறது. 43-ஐக் காணோம். சரிசெய்து 41, 42, 43, 44 என்று போடலாமா?

வேண்டாம். இருவர் 42-ஐப் பகிர்ந்துகொண்டதால் 43 தாண்டப்பட்டிருக்கிறது. அது பிழை அல்ல. ரேங்கை இழுத்து நிரப்பாமல், ஸ்கேனில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். A-யில் உங்கள் வரிசை எண், B-யில் ரேங்க், C-யில் மதிப்பெண்.

இத்தகைய பட்டியலில் எந்த ரேங்கும் ஒன்று வரிசை எண்ணுக்குச் சமம், இல்லையென்றால் மேல் வரியின் ரேங்குக்குச் சமம். D2-வில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=OR(B2=A2,B2=B1)
```

ஓரிடத்தில் மட்டும் FALSE வந்தால் பெரும்பாலும் இலக்கப் பிழை. ஓரிடத்திலிருந்து கீழே அநேகமாக எல்லாமே FALSE என்றால், அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கலாம், அல்லது ஒரே வரி இருமுறை வந்திருக்கலாம். பக்கம் மாறும் இடத்தை முதலில் பாருங்கள்.

ஆனால் இரண்டாவது 42 தவறுதலாக 43 ஆகிவிட்டால் இந்தச் சூத்திரம் வாயே திறக்காது. அதற்கு E3-யில் இன்னொன்று:

```
=IF(C3=C2,B3=B2,TRUE)
```

இதில் FALSE வந்ததும் மாற்றிவிடாதீர்கள், ஸ்கேனைப் பாருங்கள். சில பட்டியல்களில் சம மதிப்பெண்ணைப் பிறந்த தேதி வைத்துப் பிரித்திருப்பார்கள். அதனால்தான் RANK.EQ போட்டு ரேங்கைப் புதிதாகக் கணக்கிடச் சொல்ல மாட்டேன். அப்புறம், பொதுப்பட்டியலிலிருந்து ஒரு பிரிவினரை மட்டும் எடுத்த பட்டியல் என்றால் இடைவெளிகள் இயல்பு. முதல் சூத்திரம் அங்கே உதவாது.