எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாத குரூப் போட்டோ: டைமர், பர்ஸ்ட், மோஷன் போட்டோ எதை எப்போது?

கேள்வி: எல்லாரும் ஒன்றுகூடும்போது 12 பேர் இருப்போம், இரண்டு குழந்தைகள் உட்பட. போட்டோ எடுத்துக் கொடுக்க வெளியாள் யாரும் இல்லை. போனில் டைமர் வைத்து எடுத்தால் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார், அல்லது வேறெங்கோ பார்க்கிறார். பர்ஸ்ட், மோஷன் போட்டோ என்றெல்லாம் போனில் இருக்கிறதே, அவை இதற்கு உதவுமா?

பதில்: உதவும். ஆனால் மூன்றும் மூன்று வேறு வேலைகளைச் செய்கின்றன. டைமர் உங்களைப் படத்துக்குள் கொண்டுவருகிறது. ஒரே அழுத்தலில் அடுத்தடுத்துப் பல படம் எடுக்கும் பர்ஸ்ட், கண் சிமிட்டலைச் சமாளிக்கிறது. படத்தோடு ஒரு குட்டி வீடியோவையும் பதிவு செய்யும் மோஷன் போட்டோ, அரை நொடி முந்தியோ பிந்தியோ எடுத்துவிட்ட படத்தைக் காப்பாற்றுகிறது. வேறெங்கோ பார்ப்பவரை மட்டும் இந்த மூன்றில் எதுவும் முழுதாகச் சரிசெய்யாது. அதற்கு மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

எத்தனை முறை எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் இதைக் கணக்கிட்டு, 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசை வாங்கினார்கள். சிரிக்க வைக்கும் பரிசுதான், ஆனால் கணக்கு சரியானது. 20 பேருக்குக் குறைவான குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை 3-ஆல் வகுங்கள், மங்கிய வெளிச்சத்தில் 2-ஆல் வகுங்கள். அத்தனை படங்கள் எடுத்தால், எல்லாரும் கண் திறந்திருக்கும் படம் ஒன்றாவது அநேகமாகக் கிடைத்துவிடும். உங்கள் 12 பேருக்குப் பகலில் 4 படம், இரவில் அறைக்குள் 6 படம்.

காரணம் எளிது. ஒருவர் நிமிடத்துக்குப் பத்து முறை சிமிட்டுகிறார், ஒவ்வொரு சிமிட்டலும் கால் நொடி என்று வைத்துக்கொண்டால், எந்தக் கணத்திலும் அவர் கண் மூடியிருக்க சுமார் 4 சதவீத வாய்ப்பு. ஒருவருக்கு இது அற்பம். 12 பேரைச் சேர்த்தால், ஒரே ஒரு படத்தில் யாராவது கண் மூடியிருக்கும் வாய்ப்பு 40 சதவீதத்தைத் தொடுகிறது. நான்கு தனித்தனிப் படங்களும் அப்படியே கெட்டுப்போகும் வாய்ப்பு 3 சதவீதத்துக்குக் கீழே.

இதில் ‘தனித்தனி’ என்பதுதான் முக்கியம். அப்படியானால் ஒரு நொடியில் பத்துப் படம் எடுக்கும் பர்ஸ்ட் போதுமே என்று தோன்றும். போதாது. கால் நொடிச் சிமிட்டல் அடுத்தடுத்த இரண்டு, மூன்று படங்களைத் தின்றுவிடும். பத்தில் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது மூன்று, நான்கு தனிப் படங்களின் மதிப்புதான். தவிர, குழந்தை பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தால் அது ஒரு நொடிக்கு மேல் நீடிக்கும். பத்துப் படத்திலும் அதே திரும்பிய தலைதான் இருக்கும். ஆகவே ஒரு நீண்ட பர்ஸ்ட்டைவிட, இடைவெளி விட்டு எடுத்த இரண்டு மூன்று சுற்றுகள் மேல்.

டைமரையும் பர்ஸ்ட்டையும் சேர்த்து வைப்பது போனுக்குப் போன் மாறும். ஐபோனில் மோஷன் போட்டோவுக்கு ‘Live’ என்று பெயர். பல ஐபோன்களில் அது அணைந்திருந்தால், டைமர் முடிந்ததும் பத்துப் படம் பர்ஸ்ட்டாக விழும். Live எரிந்தால் ஒரே ஒரு அசையும் படம்தான். அதனால் ஐபோன்காரர்கள் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் Live-ஐ அணைத்துவிடச் சொல்வேன். பர்ஸ்ட்டில் எல்லாப் படமும் முழு அளவில் கிடைக்கும் என்பதுதான் காரணம். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் டைமருக்கு ஒரு படம்தான். அங்கே மோஷன் போட்டோவை இயக்கிவிட்டு, டைமரை மறுபடி மறுபடி வையுங்கள். ஆட்கள் கூடுவதற்கு முன்பே ஒரு முறை சோதித்து, கேலரியில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சரி, உங்கள் 12 பேரை நிறுத்துவோம். ஆறு பேர் உட்கார, ஆறு பேர் பின்னால் நிற்க இரண்டு வரிசை. ஆளுக்கு அரை மீட்டர் என்றால் அகலம் 3 மீட்டர். போனின் சாதாரண 1x கேமராவைப் படுக்கைவாட்டில் வைத்தால், 3 மீட்டர் தள்ளி நின்று சுமார் 4 மீட்டர் அகலம் பிடிக்கும். இரு ஓரத்திலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். இடம் போதவில்லை என்று 0.5x-க்குப் போகாதீர்கள், ஓரத்தில் இருப்பவர்களின் முகம் இழுபட்டு அகலமாகிவிடும். செல்ஃபி கேமராவும் வேண்டாம், பின்புறக் கேமராதான் தெளிவு. போனை நிற்பவர்களின் மார்பு உயரத்தில், பின்னால் சாயாமல் நேராக நிறுத்துங்கள். தாழ்வாக வைத்துச் சாய்த்தால் எல்லாருக்கும் தாடைதான் பெரிதாகத் தெரியும்.

பட்டனை அழுத்துபவருக்கு வரிசையின் ஓரத்தில் இடம் விடுங்கள். நடுவில் விட்டால் அவர் புகும்போது இருவர் கலைவார்கள். மற்ற பதினொரு பேரும் நின்ற பிறகு, முன்வரிசையின் நடுவில் இருப்பவர் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். ஐபோனில் ‘AE/AF LOCK’ என்று மேலே தெரியும். இதைச் செய்யாவிட்டால், நீங்கள் போனை மறைத்து நகரும் நேரத்தில் கேமரா குழம்பி, சில சமயம் முகங்கள் வெளிறியோ இருண்டோ போகும்.

டைமரை 10 நொடிக்கு வையுங்கள். 3 மீட்டர் நடந்து, நின்று, மூச்சுவிட அது சரியாக இருக்கும். பல போன்களில் பின்புற விளக்கு மின்னிக் கணக்கைக் காட்டும். ஒருவர் சத்தமாக எண்ணட்டும். ‘மூன்று’ என்றதும் எல்லாரும் கண்ணை மூடி, ‘ஒன்று’ என்றதும் திறக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் திறந்த கண் உடனே சிமிட்டுவது குறைவு. படம் எடுத்த பின்னும் இரண்டு நொடி அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், பர்ஸ்ட்டும் மோஷனும் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

மோஷன் போட்டோ கிளிக்குக்கு முன்னும் பின்னும் நடப்பதையும் பதிவு செய்யும். ஐபோனின் Live-இல் இது இரு பக்கமும் ஒன்றரை நொடி. ஐபோனில் படத்தைத் திறந்து Edit அழுத்தி, Live குறியைத் தொட்டு, கீழே உள்ள வரிசையில் விரலை நகர்த்தி, எல்லார் கண்ணும் திறந்த இடத்தில் ‘Make Key Photo’ அழுத்துங்கள். ஒரு குறை உண்டு. அப்படி மாற்றி எடுக்கும் படம் பெரும்பாலும் வீடியோவிலிருந்து வருவதால் தெளிவு குறையும். போன் திரையில் தெரியாது, பெரிதாகப் பிரிண்ட் போட்டால் தெரியும். இன்னொன்று, ஒலியும் பதிவாகியிருக்கும். ‘அவனை இந்தப் பக்கம் நகரச் சொல்லு’ என்ற முணுமுணுப்போடு படம் ஊர் சுற்ற வேண்டாம் என்றால், அனுப்பும் முன் அசைவை அணைத்துவிடுங்கள்.

இரவில் அறைக்குள் எடுத்தால் பிரச்சினை சிமிட்டல் மட்டுமல்ல, அசைவால் படம் கலங்குவதும்தான். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும், குழந்தையின் கை இழுபட்டுவிடும். பத்து எடுத்தாலும் பத்திலும் இழுபட்டே இருக்கும். கண் திறந்தும் முகம் குழைந்திருந்தால் காரணம் இதுதான். நைட் மோடை அணைத்து, அறை விளக்குகளை எல்லாம் போட்டு, குழுவை விளக்கு முகத்தில் விழும் பக்கம் திருப்புங்கள். போனின் ஃபிளாஷ் 3 மீட்டருக்கு அவ்வளவாக எட்டாது, கண்ணை வேறு சிமிட்ட வைக்கும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடுவது அலுப்பு என்றால், சிறிய புளூடூத் ரிமோட் வாங்குங்கள். சாம்சங் போன்களில் கேமரா அமைப்பில் குரல் கட்டளையை இயக்கிவிட்டு ‘ஸ்மைல்’ என்றாலே படம் விழும். இந்த இரண்டிலும் வரிசையை விட்டு நகராமலே ஆறு படம் எடுக்கலாம். கடைசிச் சுற்று முடிந்ததும் உடனே கலைந்துவிடாதீர்கள். ஒருவர் போய், ஓரத்து முகங்களையும் இரண்டு குழந்தைகளையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வரட்டும்.