ஸ்லைடுகளை வைத்துக் கேள்வியைக் கணிப்பது

ஐயா, வணக்கம். நான் கணினிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் விர்ச்சுவல் மெமரி பகுதிக்கு எங்கள் ஆசிரியர் 80 ஸ்லைடுகள் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் உள்மதிப்பீட்டுத் தேர்வு. தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் படித்தால் போதும் என்கிறார்கள் தோழிகள். அழுத்தம் கொடுத்திருப்பது, திரும்பத் திரும்ப வருவது, கணக்குப் போட்டுக் காட்டியிருப்பது இவற்றை வைத்து எந்தக் கேள்வி வரும் என்று உண்மையிலேயே கணிக்க முடியுமா?

ஒரு மாணவி, கோவை

அன்புள்ள மாணவிக்கு,

பெரிய கேள்விகளைப் பெருமளவு கணிக்க முடியும். இரண்டு மதிப்பெண் கேள்விகளைக் கணிக்க முடியாது. அவை எந்த மூலையிலிருந்தும் வரலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஸ்லைடுகளை யார் எழுதினார்கள் என்பது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் சில்பர்ஷாட்ஸ், கால்வின், காக்னே எழுதிய பாடநூலையே வைத்திருக்கிறார்கள். அந்த நூலுக்கென்றே தயாரித்த ஸ்லைடுகளும் ஆசிரியர்களுக்குக் கிடைக்கின்றன. உங்கள் ஸ்லைடில் 7, 0, 1, 2, 0, 3, 0, 4 என்று தொடங்கும் பேஜ் வரிசை இருந்தால், அது அந்த நூலிலிருந்து வந்தது. அப்படியானால் அங்குள்ள தடித்த எழுத்துகள் நூலாசிரியர்கள் கலைச்சொற்களை அடையாளம் காட்ட வைத்தவை. உங்கள் ஆசிரியர் எதை முக்கியமாக நினைக்கிறார் என்பதை அவை சொல்வதில்லை. உங்கள் தோழிகளின் வழி தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆசிரியரின் கை எங்கே பட்டிருக்கிறது என்று தேடுங்கள். எழுத்துரு திடீரென்று மாறியிருக்கும். நூலில் இல்லாத எண்களோடு ஒரு கணக்கு இருக்கும். கையால் வரைந்த படம் ஒன்றை ஒட்டியிருப்பார். இரண்டு வழிமுறைகளை ஒப்பிட்டுத் தாமே ஓர் அட்டவணை போட்டிருப்பார். ஆயத்தமாக ஒரு தொகுப்பு கையில் இருக்கும்போது ஒருவர் மெனக்கெட்டுப் புதிதாக ஒரு ஸ்லைடு செய்கிறார் என்றால், அந்த இடத்தில் மாணவர்கள் திணறுவதைக் கண்டிருக்கிறார் என்று பொருள். கேள்வித்தாள் தயாரிக்க உட்காரும்போதும் அந்த இடம்தான் அவருக்கு முதலில் நினைவுக்கு வரும். 80 ஸ்லைடுகளில் இப்படி ஏழெட்டு இருந்தாலே பெரிது. அவற்றைத் தனியே குறித்து வையுங்கள்.

ஸ்லைடுகளின் எண்ணிக்கையை வைத்து முக்கியத்துவத்தை அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. சில மென்பொருள்களில், படிப்படியாகத் திரையில் விரியும் ஒரே ஸ்லைடு, பி.டி.எஃப். ஆக்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு பக்கமாகப் பிரிந்துவிடும். பேஜ் ஃபால்ட் கையாளும் படம் ஆறு பக்கம் ஓடினால் அதை ஒரே ஸ்லைடாக எண்ணுங்கள்.

அடுத்தது கணக்குகள். கணிப்பதற்கு மிகவும் நம்பகமான தடயம் இவைதான், ஆனால் மாணவர்கள் இதை அரைகுறையாகவே பயன்படுத்துகிறார்கள். ஸ்லைடில் உள்ள கணக்கு கேள்வியின் வடிவத்தைக் காட்டும், எண்களைக் காட்டாது. ஆகவே ஒவ்வொரு கணக்கைப் பார்த்ததும், இதில் ஆசிரியர் எதை மாற்ற முடியும் என்று கேளுங்கள்.

நான் சொன்ன அந்த வரிசையையே எடுத்துக்கொள்வோம். முழு வரிசை இது:

```
7 0 1 2 0 3 0 4 2 3 0 3 2 1 2 0 1 7 0 1
```

மூன்று ஃபிரேம்கள் இருந்தால் ஃபைஃபோவில் 15 பேஜ் ஃபால்ட், எல்.ஆர்.யு.வில் 12, ஆப்டிமலில் 9. இது நூலில் இருக்கிறது, உங்கள் வகுப்பில் பலருக்கு மனப்பாடமாகவும் இருக்கும். ஆசிரியர் செய்யக்கூடிய மிக எளிய மாற்றம், வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஃபிரேம்களை நான்காக்குவது. இப்போது ஃபைஃபோவுக்கு 10, எல்.ஆர்.யு.வுக்கு 8, ஆப்டிமலுக்கும் 8. ஆப்டிமல் எப்போதும் எல்.ஆர்.யு.வைவிடக் குறைவாகவே வரும் என்று மனப்பாடம் செய்தவர், இரண்டும் சமமாக வந்ததும் தான் எங்கோ தவறிவிட்டதாக நினைத்துச் சரியான விடையை அடித்துவிடுவார். ஆப்டிமலைவிட எதுவும் குறையாது என்பதுதான் விதி. சமமாக வருவதற்குத் தடையில்லை.

இன்னொரு மாற்றம், ஃபிரேம் கூடினால் ஃபால்ட் குறையுமா என்று கேட்பது. 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையை ஃபைஃபோவில் போட்டுப் பாருங்கள். மூன்று ஃபிரேமுக்கு 9 ஃபால்ட், நான்குக்கு 10. பெலேடி முரண் என்பது இதுதான். ஸ்லைடில் இது ஒரே ஒரு வரைபடமாக வந்து போகும். ஆனால் கணக்காகவும் கேட்கலாம், காரணம் சொல்லச் சொல்லியும் கேட்கலாம் என்பதால் கேள்வி தயாரிப்பவருக்கு இது மிகவும் வசதியானது. எல்.ஆர்.யு.வில் இந்த முரண் ஏன் வருவதில்லை என்று ஒரு வரி எழுதத் தெரிந்தால் இந்தப் பகுதி உங்கள் கைக்குள் வந்துவிட்டது. மூன்று ஃபிரேமில் இருக்கும் பேஜ்கள் எப்போதும் நான்கு ஃபிரேமில் இருப்பவற்றுக்குள் அடங்கியே இருக்கும் என்பதே காரணம்.

மூன்றாவது மாற்றம் தலைகீழாகக் கேட்பது. மெமரியை ஒருமுறை அணுக 200 நானோ விநாடி, ஒரு பேஜ் ஃபால்ட்டைச் சரிசெய்ய 8 மில்லி விநாடி என்று கொடுத்து, சராசரி அணுகல் நேரத்தை ஸ்லைடில் கணக்கிட்டிருப்பார்கள். பேஜ் ஃபால்ட் விகிதம் p என்றால்:

```
(1 - p) × 200 + p × 8000000 = 200 + 7999800 p
```

ஆயிரத்துக்கு ஒன்று என்றால் சுமார் 8.2 மைக்ரோ விநாடி, அதாவது கிட்டத்தட்ட 40 மடங்கு மந்தம். தேர்வில் இதைத் திருப்பி, அணுகல் நேரம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாதென்றால் p எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பார்கள். அதே சமன்பாட்டில் விடையை 220 என வைத்துத் தீர்த்தால் p 0.0000025-க்குக் கீழே இருக்க வேண்டும். சுமார் நான்கு லட்சம் அணுகல்களுக்கு ஒரு ஃபால்ட்டுக்கு மேல் கூடாது. மில்லியையும் நானோவையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் கணக்கைத் தொடங்குபவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள். விடை அபத்தமாகச் சிறிதாகவோ பெரிதாகவோ வந்தால் முதலில் அலகைச் சரிபாருங்கள்.

திரும்பத் திரும்ப வரும் கருத்தைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். ஏனென்றால் அது பெரும்பாலும் தலைப்பாக வராது. உங்கள் தொகுப்பில் லொக்காலிட்டி என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பாருங்கள். ஒரு நிரல் ஒரு காலகட்டத்தில் தன் பேஜ்களில் சிலவற்றையே சுற்றிச் சுற்றி அணுகும் என்ற இந்தக் கருத்துதான் டிமாண்ட் பேஜிங் ஏன் பலன் தருகிறது என்பதற்கும் விளக்கம், எல்.ஆர்.யு. ஏன் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கும் விளக்கம். அந்தச் சில பேஜ்களுக்குக்கூட ஃபிரேம் கிடைக்காதபோது வருவதுதான் த்ராஷிங். அதைத் தடுக்க பீட்டர் டென்னிங் 1968-இல் வெளியிட்ட வொர்க்கிங் செட் மாதிரியும் இதே கருத்தின்மேல்தான் நிற்கிறது. ஒரு தலைப்பின்கீழ் பத்து ஸ்லைடு வந்தால் அந்தப் பகுதி நீளமானது, அவ்வளவுதான். நான்கு வெவ்வேறு தலைப்புகளின்கீழ் ஒரே கருத்து எட்டிப் பார்த்தால் அது பாடத்தின் முதுகெலும்பு. 13 மதிப்பெண் கேள்வி அங்கிருந்து வரும்போது, த்ராஷிங் ஏன் உண்டாகிறது, வொர்க்கிங் செட் அதை எப்படித் தடுக்கிறது என்று இரண்டு தலைப்புகளை இணைத்தே வரும். தனித்தனியாக இரண்டு வரையறை எழுதினால் பாதி மதிப்பெண்தான். நடுவில் இருக்கும் அந்த இணைப்பை எழுத வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஊகம். உங்கள் ஆசிரியருக்கு இது பொருந்துமா என்று சோதிக்க உங்களிடமே ஆதாரம் இருக்கிறது. முந்தைய உள்மதிப்பீட்டுத் தேர்வின் வினாத்தாளை எடுங்கள். அந்தப் பகுதிக்கு அவர் கொடுத்த ஸ்லைடுகளை அருகில் வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அது எந்த ஸ்லைடிலிருந்து வந்தது, அந்த ஸ்லைடு கணக்கா, படமா, ஒப்பீட்டு அட்டவணையா, வெறும் பட்டியலா என்று எழுதுங்கள். ஒரு மாலை நேரம் போதும். உதாரணமாக, முந்தைய தேர்வு சி.பி.யு. ஷெட்யூலிங் என்றால், ரவுண்ட் ராபின் கணக்கை ஸ்லைடில் இருந்த எண்களோடே கேட்டாரா, டைம் குவாண்டத்தை மாற்றிக் கேட்டாரா என்று பாருங்கள். அப்போது மாற்றியவர் இப்போதும் ஃபிரேம் எண்ணிக்கையை மாற்றுவார் என்று நம்பலாம். கணக்கே கேட்காமல் முழுவதும் விளக்கக் கேள்விகளாகக் கொடுத்திருந்தால், நான் மேலே எழுதிய கணக்குப் பகுதியின் எடையை நீங்கள் குறைத்துக்கொள்ள வேண்டும். என் பொது அனுபவத்தைவிட உங்கள் ஆசிரியரின் ஒரே ஒரு வினாத்தாள் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2, கே3 என்று அறிவுநிலை அச்சிட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். கே3 என்பது பயன்படுத்திக் காட்டச் சொல்லும் நிலை. நம் பாடத்தில் அது பெரும்பாலும் கணக்குதான். ஸ்லைடுத் தொகுப்பின் தொடக்கத்தில் வரும் நோக்கங்கள் பக்கத்தை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அங்கே விளக்குதல், ஒப்பிடுதல், கணக்கிடுதல் என்று எந்த வினைச்சொல் எந்தத் தலைப்போடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கேள்வியும் அதே வினைச்சொல்லில் அமைய வாய்ப்பு அதிகம்.

கணித்ததை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எதை முதலில் படிப்பது, எதற்கு அதிக நேரம் கொடுப்பது என்று முடிவு செய்ய மட்டும் பயன்படுத்துங்கள். எதையும் விட்டுவிட அல்ல. காப்பி-ஆன்-ரைட், செகண்ட் சான்ஸ் போன்றவை ஒரே ஸ்லைடில் முடிந்துவிடும். இரண்டு மதிப்பெண் கேள்விகள் அங்கிருந்தும் வரலாம். ஸ்லைடுக்கு இரண்டு நிமிடம் என்று அவற்றுக்கும் ஒதுக்குங்கள்.

இந்த முறை பல்கலைக்கழகத் தேர்வுக்கு உதவாது. உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஸ்லைடு கொடுத்தவரே கேள்வியும் எடுக்கிறார் என்பதால்தான் இவ்வளவும் செல்லுபடியாகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் வினாத்தாளை எடுப்பவர் உங்கள் ஆசிரியரின் ஸ்லைடைப் பார்த்திருக்கவே மாட்டார். அங்கே அவருக்கு முன்னால் இருப்பது பாடத்திட்டமும் பாடநூலும் மட்டுமே. பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து 13 மதிப்பெண் கேள்விகள், ஒரு 15 மதிப்பெண் கேள்வி என்ற அமைப்பில் ஐந்து அலகுகளையும் அவர் தொட்டாக வேண்டும். அதற்குப் பழைய பல்கலைக்கழக வினாத்தாள்களை அலகுவாரியாகப் பிரித்து வைத்துப் படியுங்கள். உங்கள் ஆசிரியர் அழுத்தம் கொடுக்காமல் கடந்துபோன அலகு எதுவோ, அதிலிருந்தே தொடங்குங்கள்.