இந்தத் தளம் எவ்வளவு தாங்கும்? தொழிற்சாலைக் கட்டடங்கள் குறித்த கேள்வி பதில்

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். இரண்டாம் மாடியில் துணி ரோல்களை அடுக்குகிறோம். எவ்வளவு அடுக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் கட்டடத்தின் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தை எடுத்து, ஓரத்தில் உள்ள பொதுக் குறிப்புகளைப் பாருங்கள். அங்கே `LL = 2.5 kN/m²` என்பது போல ஒரு வரி இருக்கும். LL என்பது ஆட்கள், சரக்கு போலத் தளத்தின் மேல் வந்து ஏறும் சுமை. கம்பியும் கான்கிரீட்டும் அந்த எண்ணுக்குத்தான் கணக்கிடப்பட்டிருக்கின்றன. 2.5 என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ.

உங்கள் ரோல் ஒன்று 25 கிலோ எடையும், 30 செ.மீ. விட்டமும், ஒரு மீட்டர் நீளமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். படுக்க வைத்தால் அது 0.3 சதுர மீட்டர் இடத்தை அடைக்கும். மூன்று ரோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலே அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 250 கிலோ ஆகிவிடுகிறது. ஐந்து வைத்தால் 400 கிலோவைத் தாண்டுகிறது. ஐந்து ரோல் என்பது ஒன்றரை மீட்டர் உயரம்தான், பார்ப்பவர் யாருக்கும் அது அதிகமாகத் தோன்றாது. நடைவழி விட்டு அடுக்கினால் சராசரி குறையும் என்பது உண்மை; ஆனால் ஏற்றுமதிக்கு முந்தைய வாரம் அந்த நடைவழியில்தான் அட்டைப்பெட்டிகள் வந்து அமர்கின்றன.

இந்தியத் தரக்குறியீடு IS 875 இரண்டாம் பகுதி, இயந்திரம் இல்லாத வேலைப்பகுதிக்கு 2.5 என்றும், கிடங்குக்குக் குறைந்தது 7.5 என்றும் சொல்கிறது. தையல் கூடமாகக் கணக்கிட்ட தளம் கிடங்காக மாறும்போது தேவை மூன்று மடங்காகிறது. ஆகவே ரோல்களைத் தரைத்தளத்துக்கு இறக்குங்கள். மேலே வைத்தே தீர வேண்டுமென்றால், பொறியாளரிடம் கணக்குப் போட்டு, உச்ச உயரத்தைச் சுவரிலும் தூணிலும் சிவப்புக் கோடாக வரைந்துவிடுங்கள். கிலோ கணக்கை எழுதி ஒட்டினால் சுமை தூக்குபவர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கோடு என்றால் அவருக்கே தெரியும்.

எங்கள் கட்டடம் தரைத்தளமும் மூன்று மாடியும். மொட்டைமாடியில் தூண் கம்பிகளை அப்போதே நீட்டி விட்டிருக்கிறோம். கணக்கில் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு இருக்கிறதே, இன்னொரு மாடி எழுப்பினால் என்ன?

ஒன்றரை மடங்கு என்பது சரியான தகவல். ஆனால் அது உபரிக் கொள்ளளவு அன்று. கணித்ததைவிடச் சுமை சற்று மிகலாம், கம்பி இரண்டு செ.மீ. விலகி அமைந்திருக்கலாம் என்பன போன்ற பிழைகளுக்காக ஒதுக்கிய இடம் அது. அந்த இடத்தைக் கட்டும்போதே ஓரளவு பயன்படுத்தியாகிவிட்டது. எவ்வளவு என்பது சோதித்தால்தான் தெரியும்.

ஆறு மீட்டருக்கு ஒரு தூண் என்றால், நடுத்தூண் ஒன்று ஒவ்வொரு மாடியிலும் 36 சதுர மீட்டரைத் தாங்குகிறது. சிலாப், உத்தரம், தரைப்பூச்சு, இயந்திரம், ஆட்கள் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 1.2 டன் என்று குறைவாகவே வைத்தாலும், ஒரு மாடி அந்தத் தூணின் அடியில் 43 டன்னைக் கூட்டுகிறது. நீட்டிய கம்பி மேலே இருக்கிறது. 43 டன் இறங்குவதோ தரைத்தளத் தூணிலும் அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்திலும். அடித்தளம் ஐந்து தளத்துக்குக் கணக்கிடப்பட்டதா என்பதற்குக் கம்பி சான்றாகாது. மேஸ்திரி ‘பின்னால் உதவும்’ என்று விட்ட கம்பிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவற்றிலும் பல, பத்து ஆண்டு மழையில் செதில் செதிலாக உரிந்து நிற்பவை.

நாங்கள் மாடி எழுப்பவில்லை. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு கேன்டீன் வைத்தோம், ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் வைத்தோம். இது மாடிக் கணக்கில் வராதல்லவா?

அனுமதி வேறு, எடை வேறு. அனுமதியை உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். எடையைப் பொறுத்தவரை, ஏறிச் செல்லக்கூடிய மொட்டைமாடிக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோதான் கணக்கு. மதிய உணவுக்கு நெருக்கமாக உட்காரும் நூறு பேரை அந்தத் தளம் எதிர்பார்த்துக் கட்டப்படவில்லை. பத்தாயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் பத்து டன். அது தூண்களின் மேல் படும்படி பீம் போட்டு வைக்கப்பட்டிருக்கிறதா, சிலாப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

நான் தையல் பிரிவு சூப்பர்வைசர். ஒரு தூணில் மேலிருந்து கீழாக விரிசல் தெரிகிறது. பூச்சு விரிசல்தான் என்று மேலாளர் சொல்கிறார். நம்பலாமா?

பார்க்காமல் நம்பக் கூடாது. வங்கதேசத்தின் சாவாரில் இருந்த ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் விரிசல் தெரிந்தது. அங்கே வந்து பார்த்த பொறியாளர் ஆட்களை வெளியேற்றச் சொன்னார். கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். ஒன்பது மணிக்குச் சற்று முன்பு மின்சாரம் நின்றது, மேல்தளங்களில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் எனக் கட்டிய கட்டடத்தில் இயந்திரங்கள் ஏறியிருந்தன. மேல்தளங்களுக்கு அனுமதி இல்லை. எட்டுத் தளங்களுக்கு மேல் ஒன்பதாவது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நிலத்தின் ஒரு பகுதி குளத்தைத் தூர்த்தது. இத்தனையும் சேர்ந்திருந்த கட்டடத்தை ஜெனரேட்டர் அதிர்வு கடைசியாக அசைத்தது.

பூச்சு விரிசல் வலைபோலப் பரவி, மயிரிழையாக நிற்கும். தூணின் மூலையை ஒட்டி, கம்பி ஓடும் வழியே நேராக இறங்கும் விரிசல், தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பூச்சு, பீம் தூணில் சேரும் இடத்தில் சாய்வாக ஓடும் விரிசல், நேற்றுவரை மூடிய கதவு இன்று சட்டத்தில் உரசுவது ஆகியவை வேறு வகை. ஒரு தொழிற்சாலையில் நான் தூணின் பூச்சை உடைத்தபோது, உள்ளே மூன்று வெவ்வேறு வெண்மையில் மூன்று பட்டி அடுக்குகள் இருந்தன. மூன்றிலும் அதே இடத்தில் அதே கோடு இருந்தது. கான்கிரீட்டுக்குள்ளும் அது தொடர்ந்தது.

நீங்கள் பூச்சை உடைக்க வேண்டாம், அது பொறியாளரின் வேலை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, ஒரு அளவுகோலை அருகே வைத்துப் படம் எடுத்து, எழுத்து மூலம் நிர்வாகத்துக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் அனுப்புங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டிருந்தாலோ, புதிதாகத் தூள் உதிர்ந்திருந்தாலோ, எவர் அனுமதிக்கும் காத்திராமல் உங்கள் பிரிவினரை வெளியே அழைத்துச் செல்லுங்கள். ஜெனரேட்டரை இயக்க விடாதீர்கள். சரக்கை இறக்கிவிட்டுப் போகலாம் என்று யாரையும் உள்ளே நிறுத்தாதீர்கள்.

நானும் சிவில் பொறியாளர்தான். முப்பது ஆண்டு பழைய கட்டடம், வரைபடம் இல்லை. கான்கிரீட்டின் வலிமையை மதிப்பிடும் ரீபவுண்ட் ஹேமர் சதுர மில்லிமீட்டருக்கு 28 நியூட்டன் காட்டியது. இதை வைத்து நிலைத்தன்மைச் சான்று தரலாமா?

தரக் கூடாது என்பது என் கருத்து. பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகியிருக்கும். ஹேமர் அந்தத் தோலைத்தான் அடித்துப் பார்க்கிறது, உள்ளே இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் கண்டறிந்து, அதை வெட்டாமல் கோர் எனப்படும் உருளை வடிவக் கான்கிரீட் மாதிரியைத் துளைத்து எடுத்து நசுக்கிப் பாருங்கள். சில தூண்களில் கம்பியைத் திறந்து விட்டத்தை அளந்து, ஓர் அடித்தளத்தையாவது தோண்டி, வரைபடத்தை நீங்களே மீட்டு வரைந்து, இப்போது உண்மையில் ஏறியிருக்கும் சுமைக்குக் கணக்கிடுங்கள். அதன் பிறகே கையொப்பம். இயந்திரம் மாறினாலோ, சுவர் இடிக்கப்பட்டாலோ, தளத்தின் பயன்பாடு மாறினாலோ, சான்றின் காலம் முடியாவிட்டாலும் மறுபடி பார்க்க வேண்டும்.

கோர்களின் சராசரி வலிமை, வடிவமைப்பில் குறித்த வலிமையில் 85 விழுக்காடாவது இருக்க வேண்டும், எதுவும் 75-க்குக் குறையக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான தரக்குறியீடு IS 456. அந்த அளவுகோல் போதுமே?

அது புதிய கட்டுமானத்தில் போட்ட கான்கிரீட்டை ஏற்பதா என்று தீர்மானிக்க எழுதப்பட்டது. வரைபடமே இல்லாத கட்டடத்தில் எந்த எண்ணின் 85 விழுக்காடு என்று கேட்டால் பதில் இல்லை. நான் கிடைத்தவற்றுள் குறைந்த கோரை ஒட்டியே கணக்கிடுகிறேன். மூன்றே கோரை வைத்து அப்படிச் செய்வது தேவைக்கு மேல் கடுமையானது என்று வாதிடும் மூத்த பொறியாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்திலும் பொருள் உண்டு. உங்கள் கோர்கள் எந்தெந்தத் தளத்தில் எடுத்தவை என்று எழுதுங்கள். எல்லாமே ஒரே தளத்தில் எடுத்தவையென்றால் இந்த விவாதத்துக்கு முன்பே தரைத்தளத் தூணிலிருந்து இன்னும் சில எடுக்க வேண்டியிருக்கும்.